அழகர் ஆற்றில் இறங்கும் நேரத்தில் ஜெர்மனியில் இருப்பவள்: வகுப்புச் சிறுகதை எழுத முழு வழிகாட்டி

‘வெளிநாட்டில் படிக்கும் மாணவர் ஒருவர் தன் ஊர்த் திருவிழாவை எண்ணி ஏங்குகிறார். இதை வைத்து 700 சொற்களுக்கு மிகாமல் ஒரு சிறுகதை எழுதுக.’

இந்த வினாவைக் கொடுத்தால் திரும்பி வரும் தாள்களில் முக்கால்வாசி ஒன்றுபோலவே இருக்கும். ஜன்னலோரம் ஒரு மாணவர், வெளியே பனி, கையில் காபி, அம்மாவின் நினைப்பு, ஒன்றரைப் பக்கத்துக்குத் திருவிழா வருணனை, வீடியோ கால், கண்ணீர். எழுதியவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ‘ஏங்குகிறார்’ என்று வினாவே உணர்ச்சியைச் சொல்லிவிடுகிறது. மாணவர்கள் அந்த உணர்ச்சியைப் பெரிதாக்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஒருவர் ஒரு பக்கம் முழுக்க ஏங்கிக்கொண்டே இருந்தால் அங்கே எதுவும் நடக்கவில்லை என்று பொருள். எதுவும் நடக்காமல் கதை எப்படி நகரும்?

நான் வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் வழி வேறு. கதை மாந்தருக்குத் திருவிழாவில் முன்பு ஒரு வேலை இருந்திருக்க வேண்டும். இந்த வருடம் அந்த வேலையை வேறொருவர் செய்கிறார். இந்த இரண்டையும் முடிவு செய்துவிட்டால், ஏக்கம் என்ற சொல்லை எழுதாமலே ஏக்கம் வந்துவிடும். மதுரைச் சித்திரைத் திருவிழாவையும் ஜெர்மனியில் படிக்கும் ஒரு பெண்ணையும் எடுத்துக்கொண்டு, முதலிலிருந்து கடைசி வரை ஒரு கதையைக் கட்டிப் பார்ப்போம். அவளுக்குப் பாண்டிமீனா என்று பெயர் வைத்துக்கொள்ளலாம்.

1. எழுத உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் சொல் வரம்பு. 700 சொல் என்பது சின்ன இடம். ஒரே இடம், ஒரே இரவு, இரண்டு அல்லது மூன்று பேர். அதற்கு மேல் தாங்காது. விசா, விமான நிலையம், முதல் நாள் வகுப்பு என்று தொடங்கினால் திருவிழாவுக்கு வருவதற்குள் பாதி இடம் போய்விடும்.

இரண்டாவது, திருவிழாவின் நடப்பு வரிசை. சொந்த ஊர்த் திருவிழாதானே என்ற தைரியத்தில் பலர் இதைச் சரிபார்ப்பதில்லை. மீனாட்சி திருக்கல்யாணமும் அழகர் ஆற்றில் இறங்குவதும் ஒரே நாள் என்று எழுதிய தாள்கள் உண்டு, அதுவும் மதுரைப் பிள்ளைகளிடமிருந்தே. 2025-ல் திருக்கல்யாணம் மே 8, தேரோட்டம் மே 9, எதிர்சேவை மே 11, ஆற்றில் இறங்கியது மே 12. இப்படி நான்கு வரி எழுதி மேசையில் வைத்துக்கொண்டால் போதும்.

மூன்றாவது, வீட்டில் யாருக்காவது ஒரு போன். கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: ‘திருவிழா அன்னிக்கு நம்ம வீட்ல யார் யார் என்ன வேலை பாப்பாங்க?’ இணையத்தில் தேடினால் தலபுராணம் கிடைக்கும். யார் விறகு வாங்கப் போவார், யார் டம்ளர் கழுவுவார் என்பது அங்கே கிடைக்காது. கதைக்கு வேண்டியதோ அதுதான்.

2. திருவிழாவிலிருந்து ஒரு மணி நேரத்தை மட்டும் எடுங்கள்

சித்திரைத் திருவிழா பல நாள் நடக்கும். அதில் எதைத் தொட்டாலும் எழுத ஏராளம். தங்கக் குதிரை வாகனம், சுவாமி உடுத்தி வரும் பட்டின் நிறம் பற்றிய எதிர்பார்ப்பு, தோல்பையில் நீர் நிரப்பிப் பீய்ச்சுகிறவர்கள், ராமராயர் மண்டகப்படி, தசாவதாரம், பூப்பல்லக்கு. எல்லாவற்றையும் போட்டால் கட்டுரையாகிவிடும். மதிப்பெண் குறையும்போது ‘கதை எங்கே?’ என்று தாளின் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருப்பார்கள்.

ஒரு மணி நேரத்தை மட்டும் தேர்ந்தெடுங்கள். அது திருவிழாவின் உச்சமாக இருக்க வேண்டியதில்லை. உச்சத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருந்தால் இன்னும் நல்லது. உச்சத்தை எல்லோரும் நேரிலோ தொலைக்காட்சியிலோ பார்த்திருக்கிறார்கள். அதற்கு முந்தைய ஏற்பாடு, வீட்டார் மட்டுமே அறிந்தது.

நம் கதைக்கு, அழகர் இறங்கும் நாள் விடிவதற்கு முன் மூன்றரையிலிருந்து நாலரை வரை. தல்லாகுளம் பக்கத்தில் பாண்டிமீனா வீட்டார் வருடா வருடம் நீர்மோர்ப் பந்தல் போடுகிறார்கள். அந்த நேரத்தில் பெரிய அண்டாவில் மோர் கலக்கிக்கொண்டிருப்பார்கள். கதைக்கு வேண்டிய திருவிழா இவ்வளவுதான்.

3. அவளுக்கு ஒரு வேலை கொடுங்கள்

இந்த இடத்தில் அவசரப்பட வேண்டாம். மற்ற எல்லாப் படிகளும் இதன்மேல்தான் நிற்கின்றன.

வேலை மூன்று வகையில் சரியாக இருக்க வேண்டும். சின்னதாக இருக்க வேண்டும், ஏனென்றால் பெரிய வேலை என்றால் வாசகர் அவளைக் கதாநாயகியாகப் பார்க்கத் தொடங்கிவிடுவார். அவள் செய்வது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவள் இல்லாதது யாருக்கும் தெரியாது. கடைசியாக, வேறொருவரும் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். கதை வலிப்பது இந்த மூன்றாவதில்தான். அவள் இல்லாமல் பந்தலே நின்றுபோனது என்றால் அது அவளுக்குப் பெருமை. அவள் இல்லாமலும் எல்லாம் ஒழுங்காக நடந்தது என்றால்தான் அவள் தூரத்தில் இருக்கிறாள் என்பது உறைக்கும்.

பாண்டிமீனாவின் வேலை, மோருக்கு உப்புப் பார்ப்பது. தயிரைக் கடைவது அப்பா, இஞ்சியும் பச்சை மிளகாயும் தட்டிப் போடுவது அம்மா, தண்ணீர் ஊற்றுவது பெரியப்பா. எல்லாம் கலந்தபின் உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றிக் குடித்துப் பார்த்து, ‘இன்னும் ஒரு கை’ என்றோ ‘போதும்’ என்றோ சொல்வது அவள். எட்டாம் வகுப்பிலிருந்து அவள்தான். யாரும் அவளை நியமிக்கவில்லை. ஒரு வருடம் சரியாகச் சொன்னாள், அடுத்த வருடமும் கூப்பிட்டார்கள். வீடுகளில் பொறுப்பு இப்படித்தானே வந்து சேர்கிறது.

புதிதாக எழுதுகிறவர்கள் இங்கே செய்யும் தவறு, கதை மாந்தரை வேடிக்கை பார்ப்பவராக வைப்பது. ‘கூட்டத்தில் அப்பாவின் தோளில் அமர்ந்து அழகரைக் கண்டது நினைவுக்கு வந்தது’ என்று எழுதுவார்கள். தவறில்லை. ஆனால் வேடிக்கை பார்ப்பவர் வராவிட்டால் திருவிழாவில் எந்த இடமும் காலியாகாது.

4. கடிகாரத்தையும் பஞ்சாங்கத்தையும் பாருங்கள்

இது சலிப்பான வேலை போலத் தெரியும். ஆனால் கதையின் பாதியை இதுவே எழுதிக்கொடுக்கும்.

ஜெர்மனி மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால். மற்ற மாதங்களில் நாலரை மணி நேரம். ஆகவே மே 12 திங்கள் காலை ஆறு மணி வாக்கில் அழகர் இறங்கும்போது பாண்டிமீனாவுக்கு அதிகாலை இரண்டரை. மோர் கலக்கும் மூன்றே முக்கால் மணி அவளுக்கு நள்ளிரவு பன்னிரண்டே கால். ஞாயிறு இரவு தூங்காமல் விழித்திருக்கிறாள். காலையில் எட்டே காலுக்கு ஆய்வக வகுப்பு. தூங்குவதா விழித்திருப்பதா என்ற சிக்கல் நாம் கண்டுபிடிக்காமலே வந்துவிட்டது.

அவளை நியூயார்க்கில் வைத்தால் கதை மாறிவிடும். மே மாதத்தில் அங்கே ஒன்பதரை மணி நேரம் பின்னால். அழகர் இறங்கும்போது ஞாயிறு இரவு எட்டரை, சாப்பாட்டு நேரம். மெல்போர்னில் வைத்தால் நாலரை மணி நேரம் முன்னால். திங்கள் காலை பத்தரை, வகுப்பில் உட்கார்ந்திருப்பாள், போன் பைக்குள் அதிரும். மூன்றும் மூன்று கதைகள். எந்த நாடு என்று முடிவு செய்யும்போது அழகான ஊர் எது என்று தேடாதீர்கள். திருவிழாவின் அந்த ஒரு மணி நேரம் அங்கே எந்த மணியில் விழுகிறது என்று பாருங்கள்.

பருவமும் அப்படியே. சித்திரைப் பௌர்ணமி ஏப்ரல், மே மாதத்தில் வரும். 2024-ல் ஏப்ரல் 23. ஜெர்மனியில் அப்போது வசந்தம். மே நடுவில் இரவு எட்டரைக்கும் வெளிச்சம் இருக்கும். அப்படியிருக்க ‘வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது’ என்ற வரி பாதித் தாள்களில் வருகிறது. வெளிநாடு என்றாலே பனி என்று சினிமா பழக்கிவிட்டது. பொங்கல் கதையாக இருந்தால் பனி வைக்கலாம். ஜெர்மனியில் ஜனவரி நடுவில் சூரியன் உதிக்கவே எட்டு மணி தாண்டிவிடும், அதைப் பயன்படுத்தலாம்.

பௌர்ணமி என்றதும் ஒரு எச்சரிக்கை. ‘மதுரையில் காயும் அதே நிலா இங்கேயும்’ என்று எழுதக் கை பரபரக்கும். எழுதாதீர்கள். வகுப்பில் பத்துப் பேராவது அதை எழுதியிருப்பார்கள்.

5. அந்த ஊரிலிருந்து ஒரு சின்னத் தடை

பாண்டிமீனா இருக்கும் இடம் வெறும் அறையாக இருந்தால், அவள் நினைத்துப் பார்ப்பதைத் தவிர வேறு எதுவும் செய்ய மாட்டாள். அவளை எழுந்து நடக்க வைக்க ஒரு தடை வேண்டும். அது அந்த நாட்டுக்கே உரியதாக இருந்தால் வெளிநாட்டை வருணிக்கும் வேலையும் அதிலேயே முடிந்துவிடும்.

ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் திறக்காது. பெரிய ரயில் நிலையங்களில் உள்ள சில கடைகள் போன்றவைதான் விதிவிலக்கு. புதிதாகப் போகும் நம் பிள்ளைகள் முதல் மாதத்தில் ஒரு ஞாயிறாவது இதில் மாட்டிக்கொள்வார்கள். இன்னொன்று, இரவு பத்து மணிக்கு மேல் காலை ஆறு மணி வரை சத்தம் போடக்கூடாது. மாணவர் விடுதிகளிலும் அதே விதி. மூன்றாவது, பல விடுதிகளில் சமையலறை பொது, குளிர்சாதனப் பெட்டியும் பொது. ஒவ்வொருவரும் தன் பொருளில் அறை எண்ணை எழுதி வைத்திருப்பார்கள்.

மூன்றையும் சேர்த்தால் கதை கிடைத்துவிடுகிறது. வீட்டில் மோர் கலக்கும் அதே நேரத்தில் தானும் ஒரு டம்ளர் மோர் கலக்க வேண்டும் என்று பாண்டிமீனாவுக்குத் தோன்றுகிறது. தயிர் இல்லை, கடை இல்லை. பொதுப் பெட்டியில் ஒரு மோர் டப்பா இருக்கிறது. அந்த ஊர்க் கடைகளில் அரைக் கிலோ டப்பாவாக விற்பதுதான், கெட்டியாக, உப்பில்லாமல் இருக்கும். ஆனால் அது 304-ஆம் அறைக்காரருடையது. எழுப்பிக் கேட்க முடியாது, நள்ளிரவு.

ஒரு தடை போதும். பரீட்சை, பண நெருக்கடி, விடுதிக் காப்பாளரின் கண்டிப்பு, காய்ச்சல் என்று அடுக்கினால் வாசகர் எதன் பின்னே போவது என்று தெரியாமல் நிற்பார்.

6. முதல் வரியைத் தடையின் மேல் வையுங்கள்

வழக்கமாக வரும் தொடக்கம் இது:

‘பாண்டிமீனா ஜன்னல் அருகே நின்றுகொண்டிருந்தாள். அவள் நினைவுகள் கடல் கடந்து தூங்கா நகரமாம் மதுரைக்குப் பறந்தன.’

நினைவு பறந்துவிட்டால் அவளும் கதையை விட்டுப் போய்விடுகிறாள். அடுத்த ஒரு பக்கம் மதுரைதான், அவள் திரும்பி வரவே மாட்டாள். இதற்குப் பதில்:

‘டப்பாவின் மூடியில் பச்சை மையில் 304 என்று எழுதியிருந்தது. பாண்டிமீனாவின் அறை 306. மூடியை அவள் இரண்டாவது முறையாகத் துடைத்துப் பார்த்தாள், மை அழியவில்லை.’

எந்த நாடு, என்ன திருவிழா, அவள் யார், ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவளுக்கு அந்த டப்பா வேண்டும், அது அவளுடையது இல்லை என்பது தெரிந்துவிட்டது. ஏன் வேண்டும் என்று அறிய வாசகர் அடுத்த வரிக்கு வருவார். மதுரையைச் சொல்ல அதன் பிறகு இடமிருக்கிறது: ‘ஊரில் இப்போது மணி மூன்றரை. அப்பா தயிரைக் கடையத் தொடங்கியிருப்பார்.’ இரண்டு வாக்கியத்தில் நாடும் நேரமும் குடும்பமும் வந்துவிட்டன.

பின்னோக்குக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: ஒரே ஒரு முறை, ஐந்தாறு வாக்கியத்துக்குள். எட்டாம் வகுப்பில் முதன்முதலாக உப்புப் பார்த்த அந்த விடியற்காலையை மட்டும் எழுதினால் போதும். உள்ளங்கையில் மோர், விரலிடுக்கில் ஒழுகுகிறது, பெரியப்பா காத்து நிற்கிறார், ‘இன்னும் ஒரு கை.’ அவ்வளவுடன் சமையலறைக்குத் திரும்பிவிட வேண்டும்.

7. போன் பேச்சைக் கதையின் நடுவில் வையுங்கள், கடைசியில் அல்ல

மாணவர்கள் போன் அழைப்பை முடிவுக்கு என்று ஒதுக்கி வைப்பார்கள். அம்மா பேசுவார், ‘கண்ணு, அடுத்த வருஷம் வந்துருவே’ என்பார், இருவரும் அழுவார்கள். ஆறுதல் கிடைத்துவிட்டால் கதை அங்கேயே அணைந்துவிடும். நடுவில் வைத்தால், அந்த அழைப்பில் அவள் எதிர்பார்த்தது கிடைக்காமல் போய், மீதிப் பாதியில் அவள் ஏதாவது செய்தாக வேண்டும்.

அழைப்பு யாருக்கு என்பதும் முக்கியம். அம்மா என்றால் பரிவு தானாக வந்துவிடும். தம்பி என்றால் அவன் வேலையில் இருப்பான், அக்காவின் மனநிலை அவனுக்குத் தெரியாது. அவன் கெட்டவனல்ல, பந்தலில் நிற்கிறான், அவ்வளவே. இப்படி எழுதிப் பார்க்கலாம்:

‘அக்கா, சொல்லுக்கா. சத்தமா இருக்கு, கேக்கல.’

‘உப்புப் பாத்தியாடா?’

‘ஆங்?’

‘மோருக்கு... உப்பு.’

‘அதெல்லாம் கீழவாசல் சித்தி பாத்துட்டாங்கக்கா. நல்லாருக்குன்னுட்டாங்க.’

‘எத்தன கை போட்டாங்க?’

‘தெரியலக்கா. டேய், அந்த டம்ளர அங்கிட்டு வையி! அக்கா, ஆளுக வர ஆரம்பிச்சுட்டாங்க, வச்சுரட்டா?’

இதில் யாரும் வருத்தம் என்ற சொல்லைச் சொல்லவில்லை. ‘எத்தன கை போட்டாங்க’ என்று அவள் கேட்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தன் இடத்தில் இன்னொருவர் என்று கேட்டபின்னும் அளவைத் தெரிந்துகொள்ளப் பார்க்கிறாள். அழைப்பு முடிந்ததும் ‘அவள் மனம் உடைந்தது’ என்று ஒரு வரி சேர்க்கத் தோன்றும். சேர்த்தால் மேலே உள்ள ஏழு வரிக்கும் விளக்கவுரை எழுதியதாகிவிடும். நேராக அடுத்த செயலுக்குப் போங்கள்: போனை உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு டப்பாவின் மூடியைத் திறந்தாள்.

உரையாடலில் நடை பற்றி ஒரு சொல். கதை சொல்லும் வாக்கியங்கள் எழுத்து நடையில் இருக்கட்டும். பேச்சு பேச்சாகவே இருக்கட்டும். ‘அக்கா, உப்பு சரிபார்க்கப்பட்டுவிட்டது’ என்று எந்தத் தம்பியும் பேச மாட்டான். அதற்காக வட்டார வழக்கைக் கொட்டவும் வேண்டாம். ‘அங்கிட்டு’ ஒன்று போதும், மதுரை தெரிந்துவிடும். பேச்சு நடைக்கு மதிப்பெண் குறைப்பார்களோ என்று பயந்தால் ஆசிரியரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். உரையாடலுக்குள் பெரும்பாலும் அனுமதிப்பார்கள்.

8. விளக்கம் கேட்கும் வெளிநாட்டுத் தோழியைக் கூப்பிடாதீர்கள்

திருவிழாவை விளக்க ஒரு குறுக்குவழி எல்லோருக்கும் தோன்றும். அறைத்தோழி வருவாள், ‘உங்கள் திருவிழாவைப் பற்றிச் சொல்லேன்’ என்பாள், உடனே கள்ளழகர், தங்கை கல்யாணம், மண்டூக முனிவர் சாப விமோசனம் எல்லாம் ஒரு பத்தியில் வந்து இறங்கும். தோழி ‘எவ்வளவு அற்புதம்!’ என்பாள். அவளுக்குக் கதையில் வேறு வேலை இல்லை.

உங்கள் வாசகர் தமிழாசிரியர். அவருக்கு அழகர் கதை தெரியும். தெரியாத வாசகருக்கும் தலபுராணம் தேவையில்லை. மோருக்கு உப்புப் போதுமா என்ற கவலை மட்டும் புரிந்தால் போதும். தகவல் தந்தே ஆக வேண்டும் என்றால் ஒரு பொருளின் வழியாகத் தாருங்கள். தம்பியின் போனில் பின்னணியாக வர்ணிப்புப் பாட்டு கேட்கிறது. சூடம் ஏற்றிய சர்க்கரைச் செம்போடு யாரோ வழி கேட்கிறார்கள். ஒன்று போதும், இரண்டும் வேண்டாம்.

304-ஆம் அறைக்காரரைக் கதைக்குள் கொண்டுவரலாமா என்று கேட்பார்கள். தண்ணீர் குடிக்க எழுந்து வருகிறார் என்று வைக்கலாம். ஆனால் 700 சொல்லில் அவர் வந்தால் போன் உரையாடல் சுருங்கும். அவர் மூடியில் எழுதிய எண்ணாகவே இருக்கட்டும் என்பது என் அபிப்பிராயம்.

9. எங்கே நிறுத்துவது

கதை இந்த இடத்தில் நிற்கிறது: டம்ளரில் மோர், தண்ணீர், உப்பு. இஞ்சி இல்லை, கறிவேப்பிலை இல்லை. உள்ளங்கையில் ஊற்றிக் குடித்துப் பார்க்கிறாள். இனி முடிக்க வேண்டும்.

வகுப்பில் வழக்கமாக மூன்று முடிவுகள் வரும். முதலாவது, அவள் நேரலையில் அழகரைப் பார்த்துக் கைகூப்புகிறாள். இதை ஏற்க முடியாது. திரையைப் பார்ப்பவள் மறுபடியும் வேடிக்கை பார்ப்பவளாகிவிட்டாள். மேலும் கடைசிப் பத்தி வருணனைக்குப் போய்விடும். இரண்டாவது, தூங்கிப்போய் மதுரையில் இருப்பதாகக் கனவு கண்டு அலாரம் அடித்து எழுகிறாள். கனவு முடிவு எழுதுபவருக்கு வசதி, படிப்பவருக்கு ஏமாற்றம்.

மூன்றாவது முடிவைக் கெட்டிக்கார மாணவர்கள் எழுதுவார்கள்: விடியும் முன் தம்பியிடமிருந்து ஒரு செய்தி, ‘உப்பு கொஞ்சம் கம்மிதான்க்கா.’ படித்ததும் பிடித்துப்போகும். ஆனால் கதை இதுவரை கட்டியதை அது அவிழ்த்துவிடுகிறது; நீ இல்லாமல் சரியாக வரவில்லை என்று அவளுக்கு வெற்றியைக் கொடுத்துவிடுகிறது. நான் மதிப்பெண் குறைக்க மாட்டேன், ஆனால் வேறு முடிவு தேடச் சொல்வேன்.

நான் பரிந்துரைப்பது அவள் கடைசியாக ஒரு காரியம் செய்வதோடு நிறுத்துவது. டப்பா இன்னொருவருடையது என்று தொடங்கினோம் அல்லவா, அந்தக் கணக்கை முடிக்க வேண்டும். ஒரு துண்டுத் தாளில் எழுதி மூடியில் ஒட்டுகிறாள்: ‘உங்கள் மோரை எடுத்துக்கொண்டேன். நாளை கடை திறந்ததும் வாங்கி வைத்துவிடுகிறேன். 306.’ மணி ஒன்றுகூட ஆகவில்லை. அழகர் இன்னும் ஆற்றுக்கு வரவில்லை. அவள் இரண்டரை வரை விழித்திருந்தாளா என்று சொல்லத் தேவையில்லை.

இந்த முடிவு எல்லோருக்கும் பிடிக்காது. ‘சோகம் பத்தலையே’ என்று வகுப்பில் ஒருவர் சொல்வார். அவருக்குச் சொல்ல வேண்டியது: போன் உரையாடலை இன்னொரு முறை படிக்கவும்.

10. உங்கள் திருவிழாவுக்கு மாற்றும்போது

பாண்டிமீனாவை அப்படியே எடுத்து எழுதாதீர்கள், ஆசிரியர் கண்டுபிடித்துவிடுவார். முறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் திருவிழா மாறினால் கணக்கும் மாறும்.

வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 பெருவிழா, தேதி மாறாது. முன்பே விடுப்பு எடுத்து வந்திருக்கலாமே என்று வாசகர் கேட்பார், அதற்குக் கதைக்குள் பதில் வேண்டும். நோன்புப் பெருநாள் பிறை பார்த்துத்தான் உறுதியாகும். அந்த நிச்சயமின்மையே நல்ல தடை, மறுநாள் வகுப்புக்குப் போவதா வேண்டாமா என்று கடைசி இரவு வரை தெரியாது. ஊர்க் கோயில் கொடை என்றால் தேதியை ஊர்க்கூட்டம் முடிவு செய்யும். அவளைக் கேட்காமலே முடிவானது என்பதிலேயே கதை தொடங்கலாம். பொங்கல்தான் கடினம். எல்லார் வீட்டிலும் ஒரே மாதிரி நடப்பதால் உங்கள் வீட்டுக்கே உரிய வேலையைத் தேட வேண்டும். பானை பொங்குவதை எழுதாமல், முந்தைய நாள் அடுப்புக்குக் கல் பொறுக்கப் போவதை எழுதுங்கள்.

11. எழுதியபின் வெட்டுவது

முதல் வரைவு 900 சொல் வரும், கவலைப்பட வேண்டாம். வெட்டும் வரிசை இது. முதலில் உணர்ச்சிப் பெயர்கள்: ஏக்கம், தவிப்பு, கண்ணீர், நெஞ்சம், நினைவலை. இவை வரும் வாக்கியங்களை முழுதாக எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் எதுவும் குறையாது. ‘ஏங்குகிறார்’ என்று வினா கேட்டதே என்று பயம் இருந்தால் ஒரே ஒரு இடத்தில் விடுங்கள். அடுத்து, சாப்பாட்டுப் பட்டியல். நீர்மோர் இருக்கிறது, பானகமும் புளியோதரையும் ஜிகர்தண்டாவும் வேண்டாம். அதற்கடுத்து ‘தாய்நாடு’, ‘பண்பாடு’, ‘பாரம்பரியம்’ வரும் பொதுவாக்கியங்கள்.

பிறகு நேரத்தை மட்டும் தனியாகச் சரிபாருங்கள். கதையில் வரும் ஒவ்வொரு மணிக்கும் பக்கத்தில் மதுரை நேரத்தைப் பென்சிலால் எழுதுங்கள். பன்னிரண்டே காலுக்குப் போன் செய்தவளிடம் தம்பி ‘அழகர் இறங்கிட்டாருக்கா’ என்று சொல்லியிருந்தால் பிழை அங்கே பிடிபடும்.

தலைப்பைக் கடைசியில் வையுங்கள். ‘கடல் கடந்த கண்ணீர்’, ‘தொலைவில் ஒரு திருவிழா’ போன்றவை கதையைப் படிக்கும் முன்பே சொல்லிவிடும். கதைக்குள் இருக்கும் ஒரு பொருளையோ பேச்சையோ எடுங்கள். ‘304’ என்று வைக்கலாம். ‘இன்னும் ஒரு கை’ என்றும் வைக்கலாம். பின்னோக்கில் அந்தச் சொற்கள் வருவதால் எனக்கு இரண்டாவது பிடிக்கிறது. தாளின் மேலே தலைப்பு, பெயர், வகுப்பு, சொல் எண்ணிக்கை எழுதிக் கொடுத்துவிடுங்கள். ‘கதையின் கருத்து’ என்று அடியில் ஒரு பத்தி சேர்க்க வேண்டாம், வினாவில் கேட்டிருந்தால் ஒழிய.